வாலைக் காட்டுங்கள், சொல்கிறேன்

மழை பிடித்துக்கொண்டால் போதும், என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஏரிக்கரையில், மதகடியில், வயல் வரப்பில் ஏதோ ஒன்று படுத்துக் கிடக்கும். கீழே ஒரே கேள்வி: "இது முதலையா?" ஊர்வனவற்றின் மேல் எனக்கிருக்கும் கிறுக்கு நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது போல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை தார்ச்சாலையைக் கடந்து போகும் காணொளி பரவியது நினைவிருக்கலாம். அது முதலைதான், சந்தேகமே இல்லை. சென்னையின் சில நீர்நிலைகளில் கொஞ்சம் முதலைகள் உண்டு என்று அரசுத் தரப்பிலும் அப்போது சொன்னார்கள். ஆனால் அதன் பிறகு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக முதலை முளைத்தது. எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை உடும்பு. உடும்பு என்று பதில் போட்டால், "எப்படிச் சொல்றீங்க, படம் தெளிவாவே இல்லையே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டின் ஏரி, குளம், ஆறு என்றால் குழப்பம் பெரும்பாலும் இரண்டு விலங்குகளுக்குள்தான். ஒன்று நன்னீரில் வாழும் சதுப்பு நில முதலை. அமராவதி அணை, மோயாறு, ஒகேனக்கல், கொள்ளிடக் கரையோரம் என்று இது இருக்கிற இடங்கள் ஓரளவு தெரிந்தவை. இன்னொன்று வீட்டுத் தோட்டம் முதல் காடு வரை எங்கும் இருக்கும் நம்ம சாதாரண உடும்பு. இலங்கையில் இதோடு கபரகொயா என்கிற நீர் உடும்பும் சேர்ந்துகொள்ளும். கொழும்பின் கால்வாய்களில் அது தினசரிக் காட்சி. நன்றாக நீந்தும், இரண்டு மீட்டரைத் தாண்டியும் வளரும் என்பதால் அங்கே குழப்பம் இன்னும் அதிகம். அடையாளம் காணும் முறை மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் இரண்டு விஷயங்களை ஓரமாக வைத்துவிடுங்கள்: அளவு, நிறம். "அஞ்சடி இருக்கும் சார்" என்று சொன்னால் அதில் எனக்கு எந்தத் தகவலும் இல்லை. வளர்ந்த உடும்பு ஒரு மீட்டருக்கு மேல் இருப்பது சாதாரணம், ஒன்றே முக்கால் மீட்டர் வரைகூடப் போகும். அதே நீளத்தில் இளம் முதலையும் இருக்கும். போதாததற்குக் கைப்பேசியைக் கீழே தாழ்த்திக் கிட்டத்தில் பிடித்தால் ஓணான்கூட டைனோசர் ஆகிவிடும். நிறமும் அப்படித்தான். சேற்றில் புரண்ட உடும்பும் சேற்றில் புரண்ட முதலையும் சேற்று நிறத்தில்தான் இருக்கும்.

நடையையும் நம்ப வேண்டாம். முதலை என்றால் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊரும் என்று நினைத்துக்கொண்டு, வயிறு தூக்கி நாலு காலில் நடக்கும் படத்தைப் பார்த்ததும் உடும்பு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முதலையும் கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து, வயிறு தரையில் படாமல் நடக்கும். நிலத்தில் கொஞ்ச தூரம் போக வேண்டியிருந்தால் அப்படித்தான் போகும்.

சரி, எதைப் பார்ப்பது? எல்லோருடைய கண்ணும் முதலில் போவது முகத்துக்கு. என் கண் முதலில் போவது வாலுக்கு. காரணம் எளிது. வாட்ஸ்அப்பில் பத்து கை மாறி வந்த படத்தில் கண், மூக்கு, செதில் எல்லாம் கரைந்து போயிருக்கும். ஆனால் வெளிச்சமான பின்னணியில் வாலின் மேல்விளிம்பு எப்படி இருக்கிறது என்பது, படம் எவ்வளவு கெட்டாலும் கடைசி வரை மிஞ்சும். நிழலுருவமாக மட்டும் தெரிந்தாலே போதும்.

முதலையின் வால்மேல் ரம்பப் பல் வைத்த மாதிரி செங்குத்தான செதில்கள் நிற்கும். இடுப்பிலிருந்து புறப்படும்போது அவை இரண்டு வரிசை, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வாலில் பாதிக்கு மேல் போனதும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி ஒரே வரிசையாகச் சேரும். அங்கிருந்து நுனி வரை நடுவில் ஒற்றை வரிசை, அதுவும் உயரமாக. பக்கவாட்டில் எடுத்த படத்தில் வாலின் மேல்கோடு பல் பல்லாக ஏறி இறங்கும். வாலே கனமானது. இடுப்பில் இருக்கிற தடிமன் வெகுதூரம் வரை குறையாமல் போகும். மொத்த நீளத்தில் கிட்டத்தட்டப் பாதி வால்.

உடும்பின் வால் அப்படியல்ல. உடலைவிட நீளம், அடியிலிருந்தே மெலிந்துகொண்டே போய் நுனியில் கயிறாக முடியும். அதன் வாலும் பக்கவாட்டில் சப்பையானதுதான். "தட்டையான வால் இருந்தா முதலை" என்று சில இடங்களில் எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். மேல்விளிம்பில் மெல்லிய இரட்டைக் கோடுகூட உடும்புக்கு உண்டு. கையில் வைத்துப் பார்த்தால் தெரியும், படத்தில் தெரியாது. படத்தில் தெரிவது வழவழப்பான ஒரே வளைவு. பல் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

இதில் ஒரு தொல்லை, பாதிப் படங்களில் வால் இருக்காது. எடுப்பவர் முகத்தையே குறி வைத்திருப்பார், வால் தண்ணீருக்குள்ளோ புல்லுக்குள்ளோ போயிருக்கும். அப்போது முதுகுக்கு வர வேண்டும்.

முதலையின் முதுகில் செதிலுக்கு அடியில் எலும்புத் தகடு இருக்கிறது. தோலுக்குள்ளேயே வளரும் எலும்பு அது. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு மேடு ஓடும். இந்தத் தகடுகள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. சதுப்பு நில முதலைக்குப் பெரும்பாலும் முதுகெலும்புக்கு இணையாக நாலு வரிசை, சிலவற்றுக்கு ஆறு. குறுக்காகப் பார்த்தால் பதினாறு, பதினேழு வரிகள். கழுத்தில் மட்டும் தனியாக நாலு பெரிய தகடுகள் சதுரமாக அமைந்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறியவை ஒட்டியிருக்கும். அதற்கும் முன்னால், தலைக்குப் பின்னால், சின்னதாக ஒரு குறுக்கு வரிசை. உப்புநீர் முதலைக்கு இந்தத் தலையடி வரிசை அநேகமாக இருக்காது. இரண்டு முதலைகளையும் பிரிக்க வேண்டிய இடத்தில் அது உதவும், இங்கே நமக்குத் தேவையில்லை.

உடும்பின் முதுகில் சின்னச் சின்ன மணிகளைக் கோத்துப் பதித்தது போன்ற பொடிச் செதில்கள். மேடு கிடையாது, வரிசை வரிசையாக நிற்கும் தகடும் கிடையாது. தோல் தளர்வானது. கழுத்திலும் விலாவிலும் மடிப்பு விழும், உடல் வளையும்போது உள்பக்கம் சுருங்கும். கஞ்சிராவுக்குக் காலம் காலமாக உடும்புத் தோலைக் கட்டியதும் அது மெல்லிய, இழுபடும் தோல் என்பதால்தான். உடும்பு 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். இப்போது அந்தத் தோலை வைத்திருப்பதே குற்றம், ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. ஒரு முதலையின் முதுகுத் தோலில் கஞ்சிரா கட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள், வித்தியாசம் மனசில் தங்கிவிடும்.

மூன்றாவதாகத்தான் முகம். அதிலும் "நீளமா, குட்டையா" என்று பார்ப்பதில் பலன் குறைவு. சதுப்பு நில முதலையின் மூஞ்சி முதலைகளிலேயே அகலமானது. அதன் நீளம் அடிப்பகுதியின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு வந்தாலே அதிகம். நேருக்கு நேர் எடுத்த படத்தில் இது மொட்டையாகத் தெரியும். உடும்பின் கூர்மூஞ்சியோ பக்கவாட்டுப் படத்தில் நீளமாகத் தெரியும். "நீள மூஞ்சி என்றால் முதலை" என்று பாடம் பண்ணியவர் இங்கே தலைகீழாகச் சொல்லிவிடுவார்.

நான் பார்ப்பது மூக்குத் துளை எங்கே இருக்கிறது என்பதை. முதலைக்கு அது மூஞ்சியின் நுனியில், மேல்பக்கம், கொஞ்சம் உப்பிய ஒரு மேட்டின்மேல் இருக்கும். உடலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் வெளியே விட வேண்டிய விலங்குக்கு அங்கேதான் இருக்க முடியும். நம்ம உடும்புக்கு மூக்குத் துளை பக்கவாட்டில், சாய்ந்த கீறலாக, நுனிக்கும் கண்ணுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். கபரகொயாவுக்கு மட்டும் துளை உருண்டையாக நுனிப் பக்கம் தள்ளி இருக்கும். ஆனாலும் அது பக்கவாட்டில்தான், முதலைக்கு இருப்பது போல உச்சியில் மேடு கட்டி நிற்காது.

அப்புறம் வாய். வாயை மூடியிருக்கும்போதும் முதலையின் பல் வெளியே தெரியும். கீழ்த்தாடையின் நாலாவது பல் பெரியது, மேல்தாடையின் ஓரத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தில் வெளிப்பக்கமாக வந்து உட்காரும். உடும்புக்கு உதடு உண்டு, மூடினால் ஒரு பல்லும் தெரியாது. நாக்கு நீட்டியிருக்கிற நேரத்தில் படம் விழுந்திருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. இரண்டாகப் பிளந்த நாக்கை வெளியே நீட்டுவது உடும்பு. முதலையின் நாக்கு கீழ்வாயோடு ஒட்டியிருக்கிறது, அதை வெளியே நீட்டவே அதனால் முடியாது. ஆவென்று வாயைத் திறந்தபடி அசையாமல் வெயில் காய்ந்தால் அது முதலையின் பழக்கம்.

இவ்வளவையும் ஒரு படத்தில் வைத்துப் பார்க்கலாம். டெல்டா பக்கத்திலிருந்து நண்பர் ஒருவரின் மாமா அனுப்பியது. வாய்க்காலின் எதிர்க்கரை, கருவேல மர நிழல், சாயங்கால வெளிச்சம், கைப்பேசியில் முழுக்கப் பெரிதாக்கி எடுத்திருக்கிறார். தலை கோரைப் புல்லுக்குள். முதுகும் ஒரு பின்னங்காலும் வாலின் பெரும்பகுதியும் தெரிகின்றன. ஊரில் அதற்குள் பிள்ளைகளைக் குளிக்கப் போகாதே என்று சொல்லிவிட்டார்களாம். கொள்ளிடத்திலிருந்து வாய்க்காலுக்கு முதலை வருவது அந்தப் பக்கம் நடக்கிற விஷயம். சிதம்பரம் வட்டாரத்தில் ஊருக்குள் பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி குளத்தில் கொண்டுபோய் விடுவது வழக்கம். ஆகவே "அங்கேயெல்லாம் முதலை ஏது" என்று தள்ளவும் முடியாது.

மாமா சுட்டிக்காட்டியது முதுகை. "மேடு மேடா தெரியுது பாருங்க தம்பி." உண்மைதான், கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுகள் தெரிந்தன. ஆனால் தகடுக்கும் நிழலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதலையின் தகட்டு வரிசை உடலோடு சேர்ந்து போகும். உடல் இடப்பக்கம் வளைந்தால் வரிசையும் இடப்பக்கம் வளையும், அப்படியே இடுப்பைத் தாண்டி வாலின் பற்களில் போய்ச் சேரும். வழியில் நிற்காது. இந்தப் படத்தில் விலங்கு நன்றாக வளைந்து கிடந்தது, திட்டுகளோ அந்த வளைவைச் சட்டை செய்யாமல் குறுக்கே போயின. பக்கத்து மண்ணிலும் அதே அளவில் அதே மாதிரித் திட்டுகள் இருந்தன. கருவேல இலையின் ஊடாக விழுந்த வெயில்தான் அது.

வாலுக்கு வந்தால், பின்னால் தண்ணீர் பளபளத்ததால் மேல்விளிம்பு சுத்தமாகத் தெரிந்தது. ஒரு பல்லும் இல்லை, இழுத்து விட்ட கோடு. நீளத்தையும் திரையில் விரலை வைத்து அளந்தேன். புல்லுக்குள் மறைந்த தலைக்கும் கழுத்துக்கும் இடம் விட்டுக் கணக்குப் போட்டாலும் வால்தான் நீளம். மிச்சமிருந்த சந்தேகத்தைப் பின்னங்கால் தீர்த்தது. முதலைக்குப் பின்னங்காலில் நாலே விரல், இடையில் சவ்வு, நகம் உள்பக்கத்து மூன்று விரலுக்கு மட்டும். படத்தில் இருந்த காலில் ஐந்து விரல்கள் விரிந்திருந்தன. தெரிந்த விரல்களில் எல்லாம் நீளமான, வளைந்த நகம். மரமேறுகிற கால் அது.

உடும்பு என்று எழுதி அனுப்பினேன். கூடவே, இந்தப் படம் இந்த ஒரு விலங்கைப் பற்றித்தான் சொல்கிறது, வாய்க்காலில் முதலையே இல்லை என்று சொல்லவில்லை என்றும் எழுதினேன். அடித்துக் கொன்றுவிட வேண்டாம், அதுவும் முதலையைப் போலவே முதல் அட்டவணையில் உள்ளதுதான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். உடும்புக் கறிக்கும் உடும்புத் தைலத்துக்கும் ஆசைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "முதலை இல்லை, உடும்புதான்" என்ற செய்தி சில இடங்களில் அந்த உடும்புக்கே ஆபத்தாக முடியும்.

தண்ணீரில் தலை மட்டும் தெரியும் படங்களுக்கு வேறு கணக்கு. முதலை மிதக்கும்போது முன்னால் மூக்கு மேடு, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு கண் மேடுகள், இவை எல்லாம் ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருக்கும். முதுகும் தெரிந்தால் பின்னால் தகடுகளின் மேடுகள் புள்ளிகளாகத் தொடரும். நீந்தும் உடும்பு தலையைத் தூக்கி, கழுத்தோடு வெளியே வைத்துப் போகும். கழுத்து என்று தனியாக ஒன்று தெரிந்தாலே அது பெரும்பாலும் உடும்பு பக்கம். முதலைக்குத் தலையின் பின்பகுதி தட்டையாக அப்படியே தோளில் போய் முட்டும். ஆனால் மூக்கு மேடு மட்டும் அல்லது கண் மேடு மட்டும் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்வதில்லை. மிதக்கும் கட்டையும் அப்படித்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் உடும்பை முதலை என்று பயப்படுகிற தவறு. எனக்குக் கவலை தருவது இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, முதலைக் குட்டியை உடும்புக் குட்டி என்று கையில் எடுப்பது. சதுப்பு நில முதலை கோடை தொடக்கத்தில் கரை மண்ணில் குழி தோண்டி முட்டையிடும். இரண்டு மாதம் போல ஆனதும் குட்டிகள் வெளியே வரும். ஒரு அடிக்குள்தான் இருக்கும், வெளிர் நிறத்தில் கறுப்புப் பட்டைகளோடு. பார்க்க அழகாக இருப்பதால் பையன்கள் பிடித்துவிடுகிறார்கள். வாளிக்குள் வைத்து எடுத்த படம் ஒன்று எனக்கு வந்திருக்கிறது. கேள்வியும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது: "உடும்புக் குட்டி என்ன சாப்பிடும்?"

குட்டியில் முகத்தை வைத்துச் சொல்வது இன்னும் கடினம், மூஞ்சி குட்டையாக இருக்கும். முதுகிலும் எலும்பு இன்னும் இறுகியிருக்காது, முட்டையிலிருந்து வந்த சில மாதங்களுக்குப் பிறகே அது சுண்ணாம்பேறி வளரத் தொடங்கும். ஆனால் செதிலின் அமைப்பு முதல் நாளிலிருந்தே முழுசாக இருக்கும். வாளிப் படத்தில் மேலிருந்து பார்த்தபோது முதுகின் வரிசைகளும், இடுப்புக்குப் பிறகு இரண்டு கோடாகப் போய் வாலில் ஒன்றாகச் சேர்ந்த சின்னச் சின்னப் பற்களும் துல்லியமாகத் தெரிந்தன. கண்ணின் பாப்பா செங்குத்துக் கீறல். உடும்புக்கு அது வட்டமாக இருக்கும்.

பதில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை என்று உடனே போன் செய்தேன். அது முதலைக் குட்டி, வாளியை மூடி நிழலில் வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள், எடுத்த இடத்துக்கு யாரும் திரும்பப் போக வேண்டாம் என்றேன். மறுமுனையில் இருந்தவர், "குட்டிதானே சார், நாங்களே கொண்டுபோய் விட்டுர்றோமே" என்றார். குட்டி கத்தினால் தாய் வரும், அது பெரும்பாலும் அதே கரையில்தான் இருக்கும் என்று சொன்னதும் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, யாரையோ கூப்பிட்டு, கரைக்குப் போன பையனைத் திரும்ப வரச் சொல்வது கேட்டது.